இபாழிகள் கவாரிஜ்களா? மஸ்கட்டிலிருந்து ஒரு கேள்வி

ரூவிக்காரன் | ஜனவரி 12, இரவு

வேலைக்கு மஸ்கட் வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. ஆபீசுக்குப் பக்கத்துப் பள்ளியில் தொழுகிறேன். ஓமானிகள் பலர் தக்பீர் சொல்லும்போது கையைத் தூக்குவதில்லை, கட்டுவதும் இல்லை, பக்கவாட்டில் தொங்கவிட்டே நிற்கிறார்கள். மஃரிபில் ஃபாத்திஹா முடிந்ததும் ஊர்ப் பழக்கத்தில் நான் சத்தமாக ஆமீன் சொன்னேன். என் குரல் மட்டும்தான் கேட்டது. சுப்ஹில் குனூத் இல்லை. சலாமும் ஒரே தடவைதான்.

ரூம்மேட் சொல்கிறார்: "இவங்க இபாழி. கவாரிஜ் வம்சம். அலி (ரலி) அவர்களைக் கொன்ன கூட்டம். பின்னாடி நின்னு தொழாதே." ஆனால் இவ்வளவு தன்மையான ஆட்களை நான் வளைகுடாவில் வேறெங்கும் பார்த்ததில்லை. எதை நம்புவது?

கீழக்கரையார் | ஜனவரி 12, இரவு

கையைக் கட்டாமல் தொழுதால் ஷியாதான் தம்பி. இதில் என்ன ஆராய்ச்சி?

ஏட்டுச்சுவடி | ஜனவரி 13, காலை

கையைக் கட்டாததை வைத்து யாரையும் முடிவு செய்ய முடியாது. மொராக்கோவில் மாலிக்கி மத்ஹபுக்காரர்களும் பெரும்பாலும் தொங்கவிட்டுத்தான் தொழுகிறார்கள், அவர்கள் சுன்னிகள். ஷியாக்கள் அலி அவர்களின் பக்கம். இபாழிகள் தங்கள் முன்னோர் என்று சொல்வது அலியோடு முறித்துக்கொண்டு போனவர்களை. இரண்டும் நேர் எதிர்த் திசை.

ரூவிக்காரன் தம்பி, உங்கள் ரூம்மேட் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் சொல்கிறேன்.

657ஆம் ஆண்டு, யூப்ரடீஸ் கரையில் ஸிஃப்பீன். ஒரு பக்கம் கலீபா அலி, மறுபக்கம் சிரியா கவர்னர் முஆவியா. போர் முஆவியாவுக்குப் பாதகமாகத் திரும்பியபோது அவருடைய ஆட்கள் ஈட்டி முனையில் குர்ஆன் ஏடுகளைக் கட்டித் தூக்கினார்கள், இதையே நடுவராக வைப்போம் என்று. அலி தயங்கினார், அவருடைய படையில் பெரும்பகுதி வற்புறுத்தியது, ஒப்புக்கொண்டார். இருபுறமும் ஒவ்வொரு நடுவர்: அலி பக்கம் அபூ மூஸா அல்அஷ்அரி, முஆவியா பக்கம் அம்ர் இப்னுல் ஆஸ்.

ஒப்பந்தம் வாசிக்கப்பட்டபோது அலியின் படைக்குள்ளேயே ஒரு குரல் எழுந்தது: "தீர்ப்பு அல்லாஹ்வுக்கே." இதை வெறும் கோஷம் என்று தள்ளிவிடக் கூடாது, உள்ளே ஒரு வாதம் இருக்கிறது. இரண்டு முஸ்லிம் கூட்டம் மோதினால், வரம்பு மீறிய கூட்டம் அல்லாஹ்வின் கட்டளைக்குத் திரும்பும் வரை அதோடு போரிடுங்கள் என்று குர்ஆன் 49:9 சொல்கிறது. முஆவியா வரம்பு மீறியவர் என்று நீங்களே சொல்லித்தான் எங்களைப் போருக்கு அழைத்தீர்கள், அவர் இன்னும் திரும்பவில்லை, அல்லாஹ் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்ட விஷயத்தில் இரண்டு மனிதர்களை உட்கார வைக்க உங்களுக்கு என்ன அதிகாரம் என்று கேட்டார்கள்.

அலி சொன்ன பதில் புகழ்பெற்றது: சொல் சத்தியமானது, அதைக் கொண்டு நாடப்படுவது அசத்தியம்.

தஞ்சை வாசகி | ஜனவரி 13, மதியம்

நான் முஸ்லிம் இல்லை, வரலாற்று ஆர்வத்தில் படிக்கிறேன். அந்த வாதத்துக்கு எதிர்வாதம் யாராவது வைத்தார்களா, அல்லது நேரே வாள்தானா?

ஏட்டுச்சுவடி | ஜனவரி 13, இரவு

வைத்தார்கள். இப்படி அலியைவிட்டுப் பிரிந்தவர்களைத்தான் கவாரிஜ் என்கிறார்கள். அவர்கள் கூஃபாவுக்கு அருகே ஹரூரா என்ற ஊரில் கூடினார்கள். அலி தன் சித்தப்பா மகன் இப்னு அப்பாஸை அனுப்பினார். அவர் குர்ஆனிலிருந்தே பதில் சொன்னார். கணவன் மனைவி சண்டைக்கு இரண்டு வீட்டாரிலிருந்தும் ஒவ்வொரு நடுவர் வைக்கச் சொல்கிறது 4:35. இஹ்ராமில் வேட்டையாடியவன் என்ன ஈடு கொடுப்பது என்று இரண்டு நேர்மையாளர்கள் தீர்க்க வேண்டும் என்கிறது 5:95. ஒரு முயலுக்கும் ஒரு தம்பதிக்கும் மனிதர் தீர்ப்புச் சொல்லலாம், ஒரு சமுதாயத்தின் ரத்தத்தைக் காப்பாற்றச் சொல்லக்கூடாதா? பெரும் எண்ணிக்கையில் திரும்பிவிட்டார்கள் என்கின்றன சுன்னி நூல்கள். இபாழி நூல்களைப் படித்தால் அந்த விவாதத்தில் ஜெயித்தது யார் என்ற கதையே வேறு.

மிஞ்சியவர்கள் அப்துல்லாஹ் இப்னு வஹ்ப் அர்ராஸிபியைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் நபியின் குலமான குறைஷி அல்ல, அஸ்த் குலம். 658இல் நஹ்ரவான் கால்வாய்க் கரையில் அலியின் படை அவர்களை ஏறக்குறைய துடைத்தெடுத்தது. அந்தப் பழியைத் தீர்க்கத்தான் 661இல் கூஃபா பள்ளிவாசலில் இப்னு முல்ஜம் அலி மீது விஷம் தோய்த்த வாளை வீசினான்.

கீழக்கரையார் | ஜனவரி 13, இரவு

அப்போ ரூம்மேட் சொன்னது சரிதானே! கொன்றது அவர்கள்தான். அதுவும் எப்படிப்பட்ட கூட்டம்: வழியில் விழுந்து கிடந்த ஒரு பேரீச்சம்பழத்தை ஒருவன் எடுத்து வாயில் போட, காசு கொடுக்காமல் தின்னலாமா என்று துப்ப வைத்தார்கள். அடுத்தவனுக்குச் சொந்தமான பன்றியை வெட்டியதற்கு ஈடு கொடுத்தார்கள். அதே கையால் நபித்தோழர் மகன் அப்துல்லாஹ் இப்னு கப்பாபையும் கர்ப்பிணியான அவர் மனைவியையும் அறுத்தார்கள். எங்கள் ஹஜ்ரத் இதைச் சொல்லும்போது பள்ளியே அழும்.

ஏட்டுச்சுவடி | ஜனவரி 14, காலை

அந்தச் சம்பவம் வரலாற்றாசிரியர் தபரியின் நூலிலும் இருக்கிறது. நஹ்ரவானுக்கு உடனடிக் காரணமாகச் சொல்லப்படுவதும் அதுதான். இபாழிகள் நஹ்ரவானில் இறந்தவர்களைத் தங்கள் ஆட்களாக மதிக்கிறார்கள், அந்தக் கொலையை அவர்கள் தலையில் கட்டுவதை ஏற்பதில்லை. இது இங்கே தீராது.

ஆனால் 658இல் "இபாழி" என்ற பெயரே கிடையாது. அந்தப் பெயருக்கு இன்னும் கால் நூற்றாண்டு போக வேண்டும், பஸ்ராவுக்கு.

மஸ்கட் மணி | ஜனவரி 14, மாலை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். நான் இந்து, நிஸ்வா பக்கம் சைட்டில் சூப்பர்வைசர். என் முதலாளி, இங்கே அர்பாப் என்போம், சுத்த இபாழி. தங்கமான மனுஷன், ஆனால் சொந்தத் தம்பியோடு பேச மாட்டார். தம்பி கடைக்கு டீ வாங்கக்கூட எங்களை விட மாட்டார். அவங்க மதத்தில் ஆளை ஒதுக்கி வைக்கிற சட்டம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். இது அதுதானா? அப்படியே, பெருநாள் லீவு இபாழிக்குத் தனியாக வருமா?

ஏட்டுச்சுவடி | ஜனவரி 14, இரவு

மணி, உங்கள் அர்பாப் வீட்டில் நடப்பது பெரும்பாலும் தோட்டத்துப் பங்குத் தகராறாக இருக்கும். நீங்கள் கேள்விப்பட்ட சட்டம் உண்மைதான், அதற்குப் பிறகு வருகிறேன். பெருநாள் லீவு நாடு முழுக்க ஒன்றே.

இப்போது பஸ்ரா. நஹ்ரவானுக்குப் பிறகு மிஞ்சியவர்களும் அனுதாபிகளும் அங்கே அடங்கி வாழ்ந்தார்கள். அவர்களில் அபூ பிலால் மிர்தாஸ் என்றொருவர். முஆவியா தொடங்கிவைத்த உமையா ஆட்சியின் கவர்னர் இப்னு ஸியாதின் கொடுமை தாங்காமல் 40 பேரோடு ஊரைவிட்டு வெளியேறினார். எங்களை அடிக்காதவரை நாங்கள் யாரையும் அடிக்க மாட்டோம், யார் சொத்தையும் தொடமாட்டோம் என்று அறிவித்துவிட்டுப் போனார். பின்னால் துரத்தி வந்த படை அவரைத் தொழுகையில் இருக்கும்போது வெட்டியது என்பது மரபு. இபாழிகளுக்கு மட்டுமல்ல, கவாரிஜ் பிரிவுகள் எல்லாவற்றுக்கும் அவர் மரியாதைக்குரியவர்.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 683–684 வாக்கில், உமையா ஆட்சி ஆட்டம் கண்ட நேரத்தில்தான் உள்ளுக்குள் அந்தக் கேள்வி வெடித்தது: நம்மோடு சேராத மற்ற முஸ்லிம் யார்?

நாஃபிஉ இப்னுல் அஸ்ரக் சொன்னார்: அவன் இணைவைப்பாளன். நபி காலத்து மக்கத்து சிலை வணங்கிகளின் இடத்தில் இருக்கிறான். அவன் ஊரைவிட்டு நம் முகாமுக்கு வராதவரை அவன் ரத்தமும் சொத்தும் ஆகுமானவை, அவன் பிள்ளைகளும் அப்படியே. நம் கொள்கையையே பேசிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவனும் காஃபிர்தான். அவரைப் பின்பற்றிய அஸ்ரகிகள் வழியில் ஆளை நிறுத்தி விசாரிப்பார்கள். பதில் பிடிக்காவிட்டால் அங்கேயே முடிப்பார்கள்.

அப்துல்லாஹ் இப்னு இபாழ் பஸ்ராவில் தங்கிவிட்டார். அவர் வழியினர் சொன்னது: பாவத்தில் நிலைத்திருப்பவனும், நம் கொள்கையை ஏற்காமல் கிப்லாவை நோக்கித் தொழும் மற்ற முஸ்லிமும் அல்லாஹ்வின் அருளுக்கு நன்றி கொன்றவர்கள், அவ்வளவே. இணைவைத்தவர்கள் அல்ல. ஆகவே அவர்களோடு பெண் கொடுக்கலாம், எடுக்கலாம். வாரிசுச் சொத்து போகும், வரும். அவர்கள் அறுத்ததைத் தின்னலாம். போரே வந்தாலும் அவர்கள் வீட்டுப் பெண்களை அடிமையாக்க முடியாது, வீட்டுப் பொருளைக் கொள்ளையிட முடியாது.

இந்த ஒரு வித்தியாசத்தில்தான் எல்லாம் கிடக்கிறது. இறந்துபோன அண்ணன் உங்கள் கொள்கைக்காரர் இல்லை என்று வையுங்கள். அஸ்ரகிக்கு அவர் ஜனாஸா கிடையாது, அவர் சொத்தில் வாரிசுப் பங்கு கிடையாது. இபாழி குளிப்பாட்டித் தொழவைத்து அடக்குவார், பங்கும் வாங்குவார். ஒருவர் ஊரில் குடித்தனம் நடத்த முடியும், மற்றவர் முகாமில் மட்டும்தான் வாழ முடியும். அஸ்ரகிகள் 700ஆம் ஆண்டு வருவதற்குள் போரில் அழிந்தார்கள். இபாழிகள் இன்று உங்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள்.

ரூவிக்காரன் | ஜனவரி 15, காலை

அப்படியானால் எங்களைப் போன்றவர்கள் அவர்கள் பார்வையில் "நன்றி கொன்றவர்கள்". கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது. ஆனாலும் பின்னால் நின்று தொழலாம்போல.

கீழக்கரையார் | ஜனவரி 15, காலை

ஒரு மாதிரி இருக்குமா? பெரும் பாவம் செய்து தவ்பா இல்லாமல் செத்த முஸ்லிம் நிரந்தர நரகம் என்பது அவர்கள் அகீதா. நபி (ஸல்) அவர்களின் ஷஃபாஅத்தும் அவனுக்கு இல்லையாம். மறுமையில் அல்லாஹ்வைப் பார்க்க முடியாது என்கிறார்கள். குர்ஆன் படைக்கப்பட்டது என்கிறார்கள். இதையெல்லாம் ஏட்டுச்சுவடி ஏன் சொல்லவில்லை?

ஏட்டுச்சுவடி | ஜனவரி 15, மதியம்

சரியாகப் பிடித்தீர்கள். குர்ஆன் படைக்கப்பட்டதா என்பதில் பழைய ஓமான் அறிஞர்களுக்குள்ளேயே தகராறு இருந்தது. வட ஆப்பிரிக்க இபாழிகள் படைக்கப்பட்டது என்பதில் உறுதியாக நின்றார்கள். மற்ற மூன்றும் நீங்கள் சொன்னபடியே.

மென்மை என்பது இந்த உலகத்து நடைமுறையில்தான். மறுமைக் கணக்கில் அவர்கள் நம்மைவிடக் கறார். அந்தக் கறார் முதலில் தங்கள் ஆள் மீதே பாயும். தவ்பா இல்லாத இபாழிப் பாவிக்கும் அதே நரகம்தான், சலுகை இல்லை.

தஞ்சை வாசகி | ஜனவரி 15, இரவு

எனக்குப் பிடித்தது வேறு. தலைவர் எந்தக் குலமாகவும் இருக்கலாம், தேர்தல் மூலம் வரலாம், தவறினால் இறக்கலாம். 7ஆம் நூற்றாண்டிலேயே ஜனநாயகம்! இதை ஏன் யாரும் கொண்டாடுவதில்லை?

ஏட்டுச்சுவடி | ஜனவரி 16, காலை

கொஞ்சம் பொறுங்கள். தேர்ந்தெடுப்பவர்கள் ஊர் மக்கள் அல்ல, மார்க்க அறிஞர்களும் குலத் தலைவர்களும். அல்ஜீரியாவின் தாஹர்த்தில் 8ஆம் நூற்றாண்டில் இமாமாக, அதாவது ஆட்சித் தலைவராக, வந்த அப்துர் ரஹ்மான் இப்னு ருஸ்தும் பாரசீக வம்சம், அரபு குலபலம் இல்லாதவர். தகராறு வந்தால் இறக்குவது எளிது என்பதற்காகவே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. அழகான தொடக்கம். அவருக்குப் பின் யார் வந்தார்? மகன். ஆலோசனைச் சபையைக் கேட்காமல் இமாம் எதையும் செய்யக்கூடாது என்று நிபந்தனை கேட்டவர்கள் பிரிந்துபோனார்கள். அதன்பின் 909இல் பாத்திமிகள் அழிக்கும் வரை ஒரே குடும்ப ஆட்சி.

இறக்குவதிலும் சிக்கல் உண்டு. ஓமானில் நடந்த ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். மணி கேட்டதற்கும் பதில் அதிலேயே இருக்கிறது.

முதலில் ஒரு விதி. இபாழிக்கு ஒவ்வொரு மனிதரிடமும் மூன்று நிலைகளில் ஒன்று உண்டு. நல்லவர் என்று தெரிந்தால் வலாயா: நேசிப்பது, அவருக்காக துஆ செய்வது. பாவத்தில் நிலைத்தவர் என்று உறுதியானால் பராஆ: விலகுவது. தெரியாவிட்டால் வுகூஃப்: நிறுத்திவைப்பது, தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது.

நிஸ்வாவில் ஸல்த் இப்னு மாலிக் என்ற இமாம் 851 முதல் 35 ஆண்டு ஆண்டார். நல்ல ஆட்சி என்பதில் பெரிய தகராறு இல்லை. முதுமையில் உடல் தளர்ந்தது. 886இல் மூஸா இப்னு மூஸா என்ற அறிஞர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு தலைநகரை நோக்கி வந்தார். கிழவர் இமாமின் இல்லத்தைவிட்டு வெளியேறிவிட்டார். மூஸா ராஷித் இப்னு நள்ரை இமாமாக்கினார்.

இப்போது கேள்வி: ஸல்த் தானாக விலகினாரா, விரட்டப்பட்டாரா? மூளை தெளிவாக இருக்கிற, பாவம் எதுவும் நிரூபிக்கப்படாத இமாமை முதுமைக்காக இறக்கலாமா? இறக்கக்கூடாது என்றால் மூஸாவும் ராஷிதும் கலகக்காரர்கள், அவர்களிடம் பராஆ கட்டாயம். விலகினார் என்றால் ராஷித் முறையான இமாம், அவரிடம் வலாயா கட்டாயம். ருஸ்தாக் பக்கத்து அறிஞர்கள் பராஆ என்றார்கள். நிஸ்வா பக்கத்தார், நடந்தது நமக்குத் தெளிவில்லை, வுகூஃப் என்றார்கள். ருஸ்தாக்கார் விடவில்லை: இவ்வளவு தெரிந்த விஷயத்தில் வுகூஃப் என்பவனிடமும் பராஆ!

இதோடு குலச் சண்டையும் சேர்ந்தது. சில ஆண்டுகளில் ராஷிதையும் இறக்கினார்கள், மூஸாவைக் கொன்றார்கள். தோற்ற குலத்தார் பக்தாதின் அப்பாஸியர்களிடம் உதவி கேட்டுப் போனார்கள். 893இல் முஹம்மத் இப்னு நூர் படையோடு வந்து நிஸ்வாவைப் பிடித்தார். ஃபலஜ் வாய்க்கால்களைத் தூர்த்தார் என்று ஓமான் வரலாற்று நூல்கள் இன்றும் வயிறெரிந்து எழுதுகின்றன. நிஸ்வா, ருஸ்தாக் பிளவு அதன்பின் சில நூற்றாண்டுகள் ஓடியது. சம்பந்தப்பட்டவர்கள் செத்து எலும்பு மக்கிய பிறகும், அவர்களிடம் வலாயாவா பராஆவா என்று நூல் நூலாக எழுதினார்கள்.

வுகூஃப் என்ற கதவு இருந்தும் சண்டை அதன் மேலேயே வந்தது, கவனித்தீர்களா?

மஸ்கட் மணி | ஜனவரி 16, மாலை

அண்ணே, தாத்தாவை வீட்டைவிட்டு அனுப்பின பங்காளிச் சண்டை எங்க ஊரிலும் இருக்கு, ஆனா அதுக்கு வெளிநாட்டுப் படை வந்ததில்லை. சரி, உயிரோட இருக்கிற ஆளுக்குப் பராஆ போட்டா என்ன ஆகும்?

ஏட்டுச்சுவடி | ஜனவரி 16, இரவு

அதைத் தெளிவாகப் பார்க்க அல்ஜீரிய சஹாராவில் ம்ஸாப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். தாஹர்த் விழுந்தபின் இபாழிகள் பாலைவனத்துக்குள் ஒதுங்கி, 11ஆம் நூற்றாண்டிலிருந்து கர்தாயா முதலிய ஊர்களைக் கட்டினார்கள். இமாம் இல்லை, அரசு இல்லை. இமாம் இல்லாத காலத்தில் கொள்கையை மறைவாகக் காத்து வாழ்வதற்கு அவர்கள் சட்டத்திலேயே இடம் உண்டு, அதன் பெயர் கித்மான். பள்ளிவாசலைச் சுற்றி அஸ்ஸாபா என்ற அறிஞர் குழு ஊரை நடத்தியது. அவர்களிடம் சிறை கிடையாது, பராஆ இருந்தது. பெயர் சொல்லி அறிவித்துவிட்டால் அந்த ஆளோடு யாரும் பேசமாட்டார்கள், கொடுக்கல் வாங்கல் நிற்கும், அவன் வீட்டு விசேஷத்துக்குப் போகமாட்டார்கள். பள்ளியில் எல்லார் முன்னாலும் தவ்பா சொன்னால்தான் திறக்கும்.

வாசகிக்கு ஒரு தகவல்: மய்யித்துக் குளிப்பாட்டும் பெண்களின் குழு ஒன்று அங்கே உண்டு. பெண்கள் விஷயத்தில் பராஆ சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு. கல்யாணச் செலவில் ஆடம்பரம் வரைக்கும் கண்காணிப்பார்கள்.

தஞ்சை வாசகி | ஜனவரி 17, காலை

அதிகாரம் கிடைத்ததும் பெண்கள் முதலில் கல்யாணச் செலவில் கை வைத்தார்கள் என்றால் நான் அவர்கள் கட்சி. ஆனால் ஜனநாயகம் என்று சொன்னதை முழுசாக வாபஸ் வாங்கமாட்டேன். கிழவரை இறக்கலாமா கூடாதா என்று நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியவர்கள், இறக்குவது என்ற ஒன்று உண்டு என்பதையாவது ஏற்றுக்கொண்டவர்கள்.

புதுவரவு | ஜனவரி 18, இரவு

இன்றைக்கு ஐஎஸ்ஐஎஸ் செய்வதும் இதுதானே? அவர்களும் கவாரிஜ்தான் என்று ஆலிம்கள் ஃபத்வா கொடுத்தார்கள். ஓமான் அரசு அவர்களுக்கு உறவா?

ரூவிக்காரன் | ஜனவரி 18, இரவு

மேலே இருக்கிறதைப் படித்துவிட்டுக் கேளுங்கள் பாய்.

ஏட்டுச்சுவடி | ஜனவரி 19, காலை

ஐஎஸ்ஐஎஸ்ஸை கவாரிஜ் என்பது ஒரு கண்டனம், வம்சாவளி அல்ல. அஸ்ரகிகள் போல மற்ற முஸ்லிமை காஃபிராக்கிக் கொல்கிறார்கள் என்ற பொருளில் அப்படிச் சொல்கிறார்கள். அவர்கள் பாடத்திட்டம் இபாழி நூல்களிலிருந்து வந்ததல்ல. இபாழி நூல்களிலேயே "கவாரிஜ்" என்றால் பெரும்பாலும் அஸ்ரகிகளைத் திட்டும் பெயர்.

கீழக்கரையார் | ஜனவரி 19, மதியம்

பெயரை மாற்றிக்கொண்டால் வேர் மாறிவிடுமா? நஹ்ரவான் ஆட்களை நேசிப்பவன் கவாரிஜ்தான். நம் அறிஞர்கள் கவாரிஜ் பிரிவுகளை எண்ணும்போது இபாழியையும் சேர்த்துத்தான் எண்ணினார்கள்.

ஏட்டுச்சுவடி | ஜனவரி 19, இரவு

எண்ணினார்கள், மறுக்கவில்லை. வேரைக் கேட்டால் நீங்கள் சொல்வதற்கு இடம் இருக்கிறது. சட்டத்தைக் கேட்டால் இடமில்லை.

உங்களுக்கு ஒரு சங்கடமான ஆளைச் சொல்லட்டுமா? ஜாபிர் இப்னு ஸைத். நிஸ்வாவுக்குப் பக்கத்து ஃபிர்க் ஊர்க்காரர், பஸ்ராவில் இப்னு அப்பாஸின் மாணவர். இபாழிகள் தங்கள் மத்ஹபின் உண்மையான அஸ்திவாரம் இப்னு இபாழ் அல்ல, இவரே என்கிறார்கள். சுன்னிகளின் ஹதீஸ் தொகுப்புகளான புகாரியிலும் முஸ்லிமிலும் இவர் அறிவித்த ஹதீஸ்கள் இருக்கின்றன.

கீழக்கரையார் | ஜனவரி 20, காலை

ஜாபிர் நம்மவர். இபாழிகளோடு தனக்கு சம்பந்தம் இல்லை என்று அவரே சொன்னதாக அறிவிப்பு இருக்கிறது. நீங்கள் என்ன எழுதினாலும் நான் அசையப்போவதில்லை.

ஏட்டுச்சுவடி | ஜனவரி 20, காலை

இருக்கிறது. கவர்னர் காதில் விழும் காலத்தில் சொன்னது என்று அவர்கள் பதில் வைத்திருக்கிறார்கள். நீங்களும் அசையவேண்டாம், அவர்களும் அசையமாட்டார்கள்.

ரூவிக்காரன் | ஜனவரி 23, இரவு

பள்ளியில் ஒரு பெரியவரிடம் மெதுவாகக் கேட்டேன், நான் கை கட்டி ஆமீன் சொல்வதில் உங்களுக்கு வருத்தமா என்று. "உன் இமாம் ஷாஃபிஈ, நீ அப்படித்தான் செய்யணும்" என்றார். லுஹரிலும் அஸரிலும் அவர்கள் ஃபாத்திஹாவோடு நிறுத்திக்கொள்வார்களாம், சூரா ஓதுவதில்லையாம். சத்தமில்லாமல் ஓதும் தொழுகை என்பதால் இத்தனை நாள் எனக்குத் தெரியவே இல்லை. ரூம்மேட் இன்னும் ரூமிலேயேதான் தொழுகிறார். இன்னொரு சந்தேகம்: ஷாஃபிஈகளோடு இவர்களுக்கு இவ்வளவு பழக்கம் எப்படி?

ஏட்டுச்சுவடி | ஜனவரி 24, காலை

கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபார் வழியாக. 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஆண்ட ஓமானி சுல்தான்கள் இபாழி, குடிமக்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ. ஆகவே இரண்டு மத்ஹபுக்கும் தனித்தனி காழிகளை வைத்தார்கள், வழக்குக்காரர் தன் மத்ஹபு காழியிடம் போகலாம். ஓமானிலும் தோஃபார் பகுதி, ஸலாலா பக்கம், ஷாஃபிஈகள் நிறைந்தது. அங்கே வேலை மாற்றலாகிப் போனால் உங்கள் ஆமீனுக்குத் துணை கிடைக்கும்.

மஸ்கட் மணி | ஜனவரி 24, மாலை

ஸலாலாவில் ஆள் எடுக்கிறாங்களா? மழை சீசனுக்கு முன்னாடின்னா என்னையும் சொல்லுங்க.